விதைக்கா, எண்ணெய்க்கா?

இஞ்ஞாசிக்கு அந்நியரிடம் முதல் வார்த்தை பேச வராது. யாராவது வந்து எதையாவது கேட்டுவிட்டால், அதுவும் இரும்பைப் பற்றியோ மோட்டாரைப் பற்றியோ கேட்டுவிட்டால், கால் கடுக்க நின்று பேசுவார். தானாகப் போய் வழியில் போகிற ஒருவரை "வாங்க" என்று கூப்பிடுவதுதான் அவரால் ஆகாதது. அடுத்தவர் சட்டைப் பைக்குள் கையை விடுவதுபோல அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

திண்டுக்கல்லில் நாகல்நகருக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் கடலை உடைக்கும் மெஷின் செய்துகொண்டிருந்தார். வெளியே 'ஜெரோம் இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' என்று போர்டு. ஜெரோம் அவருடைய ஒரே மகன். போர்டு எழுதியபோது அவனுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். கல்யாணமாகிக் கைக்குழந்தையும் இருந்தது.

இஞ்ஞாசி வடமதுரைப் பக்கம் மானாவாரிக் கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்தவர். எட்டாவதோடு நின்று, ஒரு நூல் மில்லின் ஒர்க்ஷாப்பில் லேத் கற்றுக்கொண்டு, பிறகு சொந்தமாக ஷெட் போட்டவர். முதலில் மில்லுக்கு வேண்டிய உதிரி பாகங்களைத்தான் கடைந்து கொடுத்தார். ஒரு தடவை, ஆடிப் பட்டத்துக்கு விதைக்கடலை உடைத்து உடைத்து நகக்கண்ணில் ரத்தம் கட்டிய விரல்களோடு அவருடைய தங்கை ஊரிலிருந்து வந்திருந்தாள். அந்த விரல்களைப் பார்த்த பிறகுதான் கடலை மெஷின் செய்யத் தொடங்கினார். சந்தையில் மெஷின் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பருப்பு உடைந்தது. உடைந்த பருப்பு எண்ணெய்க்கு ஆகும், முளைக்காது. ஆகவே அவர் பிறை வடிவச் சல்லடைக்கு மேலே முன்னும் பின்னும் ஆடுகிற இரும்புக் கட்டைக்கு ரப்பர் பட்டை கட்டினார். காயின் அளவுக்குத் தக்கபடி மாற்றிப் போடச் சல்லடைகளும் செய்தார். பருப்பு உடைவது வெகுவாகக் குறைந்தது.

மெஷினைச் செய்தது அவர். விற்றது அவர் மனைவி அல்போன்சா.

மதுரையிலோ திண்டுக்கல்லிலோ எங்கே கண்காட்சி நடந்தாலும் இருவரும் சேர்ந்துதான் கடை போடுவார்கள். முன்னால் அல்போன்சா நிற்பாள். பின்னால் மோட்டாரை ஓட்டிக்கொண்டு இஞ்ஞாசி நிற்பார். அவள் வாயசைவது தெரியும். போகிற ஆள் நிற்பார், திரும்புவார், மெஷினுக்குப் பக்கத்தில் வருவார். அவள் என்ன சொல்லி நிறுத்தினாள் என்பது மோட்டார் சத்தத்தில் ஒரு நாளும் அவர் காதில் விழுந்ததில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை. வீட்டுக்குப் போனால் அவள் சோறு போடுவாள், இவர் சாப்பிடுவார், இருவரும் தூங்கிப் போவார்கள்.

அல்போன்சா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவர் எந்தக் கண்காட்சிக்கும் போகவில்லை. பழைய ஆட்கள் தேடி வந்து வாங்கினார்கள். அப்புறம் அதுவும் குறைந்தது. ஷெட்டில் இருந்த இரண்டு ஆட்களும் வேறு பட்டறைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் திங்கட்கிழமை ஷெட்டைத் திறக்கும்வரை அவர் வாய் திறக்க வேலை இருக்காது.

ஜெரோம் வாராவாரம் போன் போட்டான்.

"அப்பா, ஆனியில திண்டுக்கல்லுல விவசாயக் கண்காட்சி வருதாம்ல. நாலு நாளு. கடை போட்டுப் பாருங்க. ஆர்டர் வந்துச்சுன்னா இருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வரலேன்னா ஷெட்டக் குடுத்துட்டு இங்க வந்துரணும். அதுக்கப்புறம் மறுபேச்சு இருக்கக் கூடாது."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான் தம்பி."

பக்கத்துப் பட்டறைக்காரர் லேத்தை எடுத்துக்கொள்ள ஆள் பார்த்துத் தருவதாக முன்பே சொல்லியிருந்தார். இஞ்ஞாசி கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தார். அது 2002ஆம் வருஷம்.

அப்போதுதான் ஊருக்குள் பிளெக்ஸ் பேனர் வந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர், "என்ன மேட்டர் போடணும் சார்?" என்று கேட்டார்.

"கடலை மெஷினு."

"அது சரி சார். மேட்டரு?"

இஞ்ஞாசி யோசித்தார். அதற்குள் கடைக்காரர் தன்னிடமிருந்த ஒரு டிசைனை எடுத்துப் போட்டுவிட்டார். மேலே நடுவில் புனித அந்தோணியார். அதற்குக் கீழே பூ வளைவு. அதற்கும் கீழே கம்பெனி பெயர், பெரிய சிவப்பு எழுத்தில், தங்க ஓரத்தோடு. முந்தின நாள் ஒரு கல்யாணத்துக்குச் செய்த பேனர் அது. மாப்பிள்ளை இருந்த இடத்தில் இஞ்ஞாசியின் பாஸ்போர்ட் போட்டோ வந்தது. பொண்ணு இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

"இந்தப் பக்கம் அம்மா போட்டோ எதும் போடணுமா சார்?"

"வேணாம். சின்னதா மெஷின் படத்தப் போடுங்க."

'தரம். நம்பிக்கை. நாணயம்' என்று ஒரு வரி. 'நவீன தொழில்நுட்பத்தில் தயாரிக்கப்பட்ட நிலக்கடலை உடைக்கும் இயந்திரம்' என்ற வரி எல்லாவற்றுக்கும் அடியில், விலாசத்துக்கு மேலே. படிப்பதற்கு எல்லாமே சரியாகத்தான் இருந்தது. எல்லாக் கடையிலும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்தார். அது உண்மையும்கூட.

நோட்டீஸ் ரோஸ் தாளில் இரண்டு பக்கமும் அடித்து வந்தது. முன்பக்கத்தில் மறுபடியும் அந்தோணியார், கம்பெனி வரலாறு. பின்பக்கத்தில் மோட்டாரின் வேகம், புல்லியின் விட்டம், பெல்ட்டின் நம்பர், சட்டத்தின் இரும்புக் கனம். ஒரு மெஷின்காரர் இன்னொரு மெஷின்காரருக்கு எழுதியதுபோல இருந்தது.

கண்காட்சி பழனி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத் திடலில் நடந்தது. தகரத் தடுப்பும் துணிக் கூரையுமாக வரிசையாகக் கடைகள். ஒவ்வொரு கடையின் நெற்றியிலும் கம்பெனி பெயரைக் கண்காட்சிக்காரர்களே ஒரே மாதிரி எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார்கள். ஆகவே 'ஜெரோம் இன்ஜினியரிங் ஒர்க்ஸ்' நெற்றியில் ஒரு தடவை, பேனரில் இன்னொரு தடவை என்று இருந்தது. கடலை என்ற சொல் பேனரின் அடியில் இருந்தது. அதற்கு முன்னால் மெஷின் நின்றது. மெஷினுக்கு முன்னால் மேசை. நடைபாதையில் நின்றால் அந்தோணியாரும் இஞ்ஞாசியும்தான் தெரிந்தார்கள்.

முதல் நாள் காலையில் வேட்டி கட்டிய இரண்டு பேர் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"யாருக்குலே கல்யாணம்?"

"மாப்ளைக்கு வயசாயிருச்சேப்பா."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். இஞ்ஞாசி மேசைத் துணியை இழுத்துச் சரி செய்தார்.

நோட்டீஸை நீட்டினால் வாங்கினார்கள். வாங்கி நாலு கடை தாண்டி, திடலின் மூலையில் வறுகடலை விற்கிறவனிடம் போனார்கள். அவன் தாள் தீர்ந்து தவித்துக்கொண்டிருந்தான். ரோஸ் தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி, அதில் கடலையைக் கொட்டிக் கொடுத்தான். மத்தியானத்துக்குள் திடல் முழுக்க ஜனங்கள் இஞ்ஞாசியின் கம்பெனி வரலாற்றிலிருந்து கடலை எடுத்துத் தின்றுகொண்டு திரிந்தார்கள்.

பக்கத்துக் கடை அப்துல் லத்தீப்புடையது. மில்லுக்காரர்களுக்கு ஆளுயரத்தில் பெரிய கடலை மெஷின் செய்கிறவர். அவரும் பத்து வருஷமாக இதே தொழிலில், இதே கண்காட்சிகளில் கடை போடுகிறவர்தான். இஞ்ஞாசி அவரைப் பார்த்தால் தலையசைப்பார். அவரும் தலையசைப்பார். அதோடு சரி. அவர் கடையில் ஆள் நின்றது. இஞ்ஞாசி மோட்டாரை ஓட்டினார், நிறுத்தினார், மறுபடி ஓட்டினார். சத்தத்துக்காவது யாராவது வருவார்கள் என்று பார்த்தார். சத்தத்தைக் கேட்டவர்கள் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நடந்தார்கள்.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போனார். காலையில் ஆக்கிய சோறு இருந்தது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை. மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் பதினோரு மணி வாக்கில், தலையில் துண்டு கட்டிய ஒருவர் கடைக்குள்ளேயே நேராக வந்தார். இஞ்ஞாசியைப் பார்க்கவில்லை. இடமும் வலமும் பார்த்தார்.

"எங்க அந்தம்மாவக் காணோம்?"

இஞ்ஞாசிக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. அய்யலூர் பெருமாள்சாமி. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் மெஷின் வாங்கியவர்.

"அவ இல்ல. தவறிட்டா. ரெண்டு வருசமாச்சு."

பெருமாள்சாமி துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். 

"எனக்குத் தெரியாதுண்ணே. ஆட்டுச் சந்தையில உங்க மெஷினப் பத்தி ஒருத்தன்கிட்ட வியாழக்கெழம கூடச் சொன்னேன், அந்தம்மாட்டப் போயிப் பேசுன்னு."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். இஞ்ஞாசி ஒரு சோடா வாங்கி வந்து கொடுத்தார். பிறகு, முந்தின நாளிலிருந்து மனதில் சுழன்றுகொண்டிருந்ததை, பழகிய ஆளென்ற தைரியத்தில் கேட்டார்.

"அன்னைக்கு உங்கள அவ என்னன்னு சொல்லிக் கூப்ட்டா?"

"என்னயவா?"

"ஆமா. போறவர நிறுத்துனாள்ல. என்ன சொன்னா?"

பெருமாள்சாமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க பின்னாடியேதான நின்னீக?"

"மோட்டார் ஓடுச்சு."

"அந்தம்மா என்னயக் கூப்டவே இல்லண்ணே. வாங்க, பாருங்க, ஒண்ணுஞ் சொல்லல. 'வெதக்கா, எண்ணெய்க்கா?'ன்னு கேட்டுச்சு. நான் பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கேன். ஆனா கடலை போடுறவன்கிட்ட அப்பிடிக் கேட்டா பதில் சொல்லாமப் போக முடியுமா? வெதக்குன்னேன். 'அப்பச் செத்த நில்லுங்க'ன்னுச்சு. அம்புட்டுதான்."

"எண்ணெய்க்குன்னு சொன்னா?"

"எம் மச்சான் கூட வந்தான்ல, அவன் எண்ணெய்க்குன்னான். 'அப்ப நம்ம மெஷினு உங்களுக்கு வேணாம், மெதுவாப் போகும். பக்கத்துல பாய் கடை இருக்கு, அங்க பாருங்க'ன்னு அனுப்பிச்சு விட்டுருச்சு. நான் அதப் பாத்துத்தான் வாங்குனேன். வந்தவன வேற கடைக்கு அனுப்புதே, இந்தம்மா பொய் சொல்லாதுன்னு."

இஞ்ஞாசி காலி சோடா பாட்டிலை வாங்கி ஓரமாக வைத்தார். அவள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். பாதிப் பேரை அவள் அனுப்பிவிட்டிருக்கிறாள். அவர் கண்ணுக்கு முன்னாலேயே அது நடந்திருக்கிறது.

பெருமாள்சாமி போன பிறகு அவர் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்த நேரத்தில் எழுந்து, தடுப்பைத் தாண்டி லத்தீப்பின் கடைக்குள் போனார். போய் நின்ற பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. லத்தீப் டிபன் டப்பாவை மூடிவிட்டு எழுந்தார்.

"வாங்கண்ணே."

"அல்போன்சா உங்ககிட்ட ஆள் அனுப்புவாளா?"

லத்தீப் சிரித்தார். "என்னண்ணே இப்பக் கேக்குறீக? அக்கா எண்ணெய்க்காரவுகள இங்க அனுப்பும். நான் வெதக்காரவுகள அங்க அனுப்புவேன். எம் மெஷின்ல வெதய உடைச்சா நொய்யாப் போகும், என்னயத்தான் வைவாங்க. எனக்கெதுக்கு அந்தப் பொல்லாப்பு?"

"நேத்து யாரையும் அனுப்பலயே நீங்க."

"அனுப்புனேண்ணே. மூணு நாலு பேரு. உங்க கடை முன்னாடி போய் நின்னு போட்டோவப் பாத்துட்டுப் போய்ட்டாங்க. நீங்க தலையக் குனிஞ்சுக்கிட்டு நட்டு போல்ட்ட முடுக்கிக்கிட்டு இருந்தீக. எங்கிட்டயும் முகங்குடுக்க மாட்டீக. எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். அக்கா மௌத்துக்கு வந்தேன், அப்பயும் நீங்க பேசல."

"கோவமெல்லாம் இல்ல பாய்."

"பத்து வருசத்துல நீங்க எங்கிட்டப் பேசுறது இதான் மொதத் தடவ."

அது உண்மைதான் என்று இஞ்ஞாசிக்கு அப்போதுதான் உறைத்தது. நின்றுகொண்டே இருந்தார். லத்தீப் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் லத்தீப் சொன்னதில் பாதிக்கு மேல் இஞ்ஞாசிக்குப் புதிது. நடைபாதையில் போகிறவன் நம் கடையைத் தாண்ட நாலு எட்டு வைப்பான். அதற்குள் ஒரு வரிதான் படிப்பான். அந்த ஒரு வரி அவனைப் பற்றியதாக இருக்க வேண்டும், நம்மைப் பற்றியதாக இருக்கக் கூடாது. எழுத்து மெஷின் மறைக்காத உயரத்தில் இருக்க வேண்டும். பெயர் நெற்றியில் இருக்கிறது, அதுவே போதும். நின்றவனுக்குத்தான் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நடக்கிறவன் கையில் திணித்தால் அது கடலைக்காரனுக்குப் போகும்.

"நோட்டீசுல மொதல்ல அவுக படுற பாட்ட எழுதணும். அப்புறம் மெஷினு அதுக்கு என்ன பண்ணும்னு எழுதணும். நீங்க கடைசில வந்தாப் போதும். நீங்க அந்தோணியாருக்கு அடுத்து நிக்கிறீக."

இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து நாளாகியிருந்ததால் அது இருமல் மாதிரி வெளியே வந்தது.

புது பிளெக்ஸ் அடிக்க நேரமில்லை. பிளெக்ஸ் கடையில் மெஷின் ரிப்பேர் என்று வேறு சொல்லிவிட்டார்கள். பேனரைக் கழற்றித் திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை. போர்டு எழுதுகிற மணிமாறனைப் போய் அழைத்து வந்தார். திடலின் ஓரத்தில் பேனரைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, கறுப்பு எனாமல் பெயிண்டில் மணிமாறன் எழுதினார்.

"இம்புட்டுதானா?" என்றார் மணிமாறன், இஞ்ஞாசி கொடுத்த துண்டுச் சீட்டைப் பார்த்து. "பேரு, போன் நம்பர், உரிமையாளர் எதும் வேணாமா?"

"வேணாம்."

"எழுத்துக்குக் காசு தாரதா இருந்தா எனக்கு நட்டம்ண்ணே."

ஆனி வெயிலில் பெயிண்ட் சீக்கிரமே காய்ந்தது. மெஷினுக்கு மேலே, கண்ணுக்கு நேரான உயரத்தில் தூக்கிக் கட்டினார்கள்.

விதைக்கா? எண்ணெய்க்கா?

அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இரண்டு வரி. 'விதைக்கு என்றால் நில்லுங்கள். உங்கள் காயையே உடைத்துக் காட்டுகிறோம். எண்ணெய்க்கு என்றால் பக்கத்துக் கடை.'

லத்தீப் வெளியே வந்து படித்துவிட்டு, "என்னயும் போட்டுட்டீகளா" என்றார்.

நோட்டீஸை இஞ்ஞாசியே கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்தார். அரைத் தாள்தான். எழுதி அடித்து, எழுதி அடித்து, கடைசியில் இப்படி வந்தது:

'விதைக்கடலை உடைக்க ஆள் கிடைக்கவில்லையா? இந்த மெஷினில் மணிக்கு நூறு கிலோ காய் போடலாம். சுமார் எழுபது கிலோ பருப்பு வரும். நூறு பருப்பில் மூன்று நான்கு உடையும். ஒன்றுகூட உடையாது என்று நாங்கள் சொல்லவில்லை. காய் பெரிதா சிறிதா என்று பார்த்துச் சல்லடை மாற்றித் தருகிறோம். ரொம்பக் காய்ந்த காய் என்றால், லேசாகத் தண்ணீர் தெளித்து மூடி வைத்து, பிறகு போடுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார். வீட்டுக் கரண்டிலேயே ஓடும். உங்கள் வீட்டுக் காயில் ஒரு படி கொண்டு வாருங்கள்.' அதற்கடியில் ஷெட்டின் விலாசம், போன் நம்பர்.

உடையும் என்று எழுதியதை மட்டும் லத்தீப் ஒத்துக்கொள்ளவில்லை.

"அங்கிட்டு ஒருத்தன் ஒண்ணுகூட உடையாதுன்னு போட்டிருக்கான். நீங்க நாலு உடையும்னு போட்டா எவன் வருவான்?"

"நாலு உடையும் பாய்."

"அது எனக்குத் தெரியும்."

"வாங்குறவருக்கும் தெரியணும்ல."

லத்தீப் சிரித்துக்கொண்டே தன் கடைக்குப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் இஞ்ஞாசி மோட்டாரைப் போடவில்லை. கடையின் ஓரத்தில் நின்றார். நடந்து போன ஒரு கிழவர் பேனரைப் படித்தார். தனக்குத்தானே, "வெதக்குத்தான்" என்றார். சொன்ன பிறகு நின்றார். நின்றவர் இஞ்ஞாசியைப் பார்த்தார்.

கேள்வியைப் பேனர் கேட்டுவிட்டது, பதிலை வந்தவர் சொல்லிவிட்டார். இனி இஞ்ஞாசி பேச வேண்டியது மெஷினைப் பற்றி மட்டும்தான்.

"என்ன காயி? சின்னதா, பெரிசா?"

அப்படித் தொடங்கியது. எல்லோரும் நின்றுவிடவில்லை. பலர் படித்துவிட்டு, "எண்ணெய்க்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு லத்தீப்பின் பக்கம் நகர்ந்தார்கள். கடலையே போடாதவர்கள் சும்மா போனார்கள். நின்றவர்கள் கொஞ்சம்தான். ஆனால் நின்ற ஒவ்வொருவரும் நோட்டீஸை முழுதாகப் படித்தார்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்கள். அன்று ஆர்டர் ஒன்றும் வரவில்லை. ஊருக்குப் போய்க் காய் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிச் சொல்பவர்கள் திரும்பி வருவார்களா என்று யாருக்கும் தெரியாது.

மிச்சம் ஒரு நாள்தான் இருந்தது.

கடைசி நாள் காலையில் மூன்று பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் இடுப்பில் ஒரு மஞ்சள் பையை இடுக்கியிருந்தார். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பெயர் மாயம்மாள். மகளிர் குழுத் தலைவி.

"நேத்து எங்கூர்க்காரரு இந்தத் தாளக் கொண்டாந்தாரு. காய் கொண்டாந்தா உடைச்சுக் காட்டுவீகளாம்ல. இந்தா காயி."

பையைக் கவிழ்த்தார். கனத்த, பெரிய காய். இஞ்ஞாசி அதில் பாதியை மெஷினில் கொட்டி மோட்டாரைப் போட்டார். காற்றாடி தொலியை ஒரு பக்கம் தள்ளியது. பருப்பு தட்டில் விழுந்தது. மாயம்மாள் குனிந்து ஒரு கை அள்ளினார். அள்ளியதில் கால்வாசி பிளந்து கிடந்தது.

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நாலுன்னு போட்டிருக்கு, நாப்பது உடையும் போல" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

மாயம்மாள் சிரிக்கவில்லை. தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்னண்ணே இது?" என்று மட்டும் கேட்டார்.

இஞ்ஞாசிக்குக் காது சூடானது. முன்பானால் தலையைக் குனிந்து நட்டை முடுக்கத் தொடங்கியிருப்பார். ஆனால் அந்தம்மா பதிலுக்காக நின்றார். இஞ்ஞாசி மோட்டாரை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் எல்லோருக்கும் கேட்கும்படி பேச வேண்டியதாயிற்று.

"எம்மேலதான் தப்பு. சின்னக் காய்க்கு உள்ள சல்லடை இது. மூணு நாளா எங்கிட்ட இருந்த சின்னக் காயத்தான் போட்டு ஓட்டுனேன், அப்பிடியே விட்டுட்டேன். உங்க காயி பெரிசு. பருப்பு ஓட்டையில எறங்காம நசுங்குது. செத்த இருங்க, மாத்திருவோம்."

மேசைக்கு அடியிலிருந்து அகல ஓட்டைச் சல்லடையை எடுத்தார். நாலு நட்டைக் கழற்றிப் பழையதை உருவிப் புதியதை மாட்டினார். ஆடுகிற கட்டைக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளியை ஒரு காயை வைத்துப் பார்த்துக் கொஞ்சம் தூக்கி வைத்தார். மிச்சக் காயில் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்தார். உள்ளே பருப்பு கலகலவென்றது. நன்றாகக் காய்ந்த காய்தான். லேசாகத் தண்ணீர் தெளித்துக் கோணிச் சாக்கால் மூடினார்.

இப்போது காத்திருக்க வேண்டும். கூட்டம் கலையவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் மாயம்மாளிடம், "குழுவுல எத்தன பேரு?" என்று கேட்டார். மாயம்மாள் சொல்லத் தொடங்கினார். யார் யாருக்கு எவ்வளவு காடு, போன வருஷம் விதைக்கடலை உடைத்து விரலில் சீழ் பிடித்து யார் ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்றெல்லாம் சொன்னார். கூட வந்த பெண் தன் கட்டைவிரலைக் காட்டினாள். இஞ்ஞாசி பார்த்தார். தன் தங்கையின் கதையைச் சொன்னார். யாரிடமும் சொல்லியிராத கதை அது.

மறுபடி மோட்டாரைப் போட்டார். இந்தத் தடவை மாயம்மாள் தட்டிலிருந்து அள்ளாமல் முந்தானையை விரித்துப் பருப்பை அதில் பிடித்தார். தரையில் உட்கார்ந்து மூன்று பேரும் பொறுக்கினார்கள். உடைந்ததை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். அவசரப்படவில்லை. கூட்டமும் குனிந்து பார்த்தது.

"தாளுல சரியாத்தான் போட்டிருக்கீக" என்றார் மாயம்மாள். பருப்பைப் பைக்குள் கொட்டிக்கொண்டே, "ஒரு மெஷினு எழுதிக்கங்க. ரெண்டு சல்லடையும் வேணும். ஆடிக்கு முன்னாடி வந்துரணும்" என்றார்.

அப்புறம் வேறு இரண்டு பேரும் எழுதினார்கள். தாங்கள் கொண்டு வந்த காயை அவர்கள் உடைத்துப் பார்க்கவே இல்லை. மாயம்மாளுடையதைப் பார்த்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

திடலுக்கு வெளியே எஸ்டிடி பூத்திலிருந்து ஜெரோமுக்குப் போன் போட்டார்.

"என்னப்பா, ஆர்டர் வந்துச்சா?"

"வந்துச்சு தம்பி. மூணு மெஷினு. இன்னும் ரெண்டு பேரு ஷெட்டுக்கு வாரேன்னு சொல்லிருக்காங்க."

மறுமுனையில் குழந்தை அழுவது கேட்டது.

"நல்லதுதானப்பா" என்றான் ஜெரோம். பிறகு, "ஜன்னல் பக்கத்துல உங்களுக்குன்னு ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தோம்" என்றான்.

இஞ்ஞாசிக்கு அது தெரியாது. அவன் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

"கிறிஸ்மசுக்கு வாரேன்."

"அப்ப அங்க தனியாவேதான் இருக்கப் போறீங்களா?"

"ஆமா தம்பி."

வைத்த பிறகும் பூத்திலிருந்து வெளியே வராமல் நின்றார். நாலு நாளும் ஆர்டருக்காகத்தான் நின்றோம் என்று நினைத்திருந்தார். யாரும் நிற்காமலே போய்விட்டால், வர ஆசை என்று வாய்விட்டுச் சொல்லாமலே மகன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டிருந்தது. அது இப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. அடுத்த ஆள் கண்ணாடிக் கதவைத் தட்டினார். வெளியே வந்தார்.

லத்தீப் தன் டெம்போவிலேயே இஞ்ஞாசியின் மெஷினையும் ஏற்றி ஷெட்டில் இறக்கிவிட்டுப் போனார். இஞ்ஞாசி டீக்குக் கூப்பிட்டபோது, வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டார். பொழுது இன்னும் சாயவில்லை. தகரக் கூரை சூடாக இருந்தது. இஞ்ஞாசி கதவை அகலத் திறந்து வைத்தார். மாயம்மாள் அளவுக்காக விட்டுப் போயிருந்த ஒரு பிடிக் காயை மேசையில் பரப்பினார். காலிப்பரை எடுத்து ஒவ்வொன்றின் கனத்தையும் அளந்து, தகட்டில் சாக்பீஸால் ஓட்டையின் அகலத்தைக் குறித்தார்.

"பெரிய காயிதான்" என்றார். கேட்க யாரும் இல்லை. அடுத்த காயை எடுத்தார்.